கமிஷன் லிங்க் உள்ள ரிவ்யூவுக்கு 'சிறந்த', 'டாப்' என்று நேர்மையாகத் தலைப்பு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அஃபிலியேட் ரிவ்யூ, அதாவது லிங்க் வழியாக யாராவது வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் வரும் ரிவ்யூ எழுத வரும் புதியவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள். 'இந்தியாவின் டாப் 10 வெட் கிரைண்டர்கள்' என்று வைத்துவிட்டு, அப்புறம் பத்து மாடல் தேடுகிறார்கள். கையில் தொட்டது இரண்டோ மூன்றோதான் இருக்கும். மீதிக் கட்டுரை முழுக்க அந்தத் தலைப்பைக் காப்பாற்றும் வேலையாகிவிடுகிறது.

இன்னொரு வகையினர் நேர்மையாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் தலைப்பின் முதல் சொல்லாகவே 'அஃபிலியேட்' என்று போட்டுவிடுகிறார்கள். தலைப்பில் நல்ல இடம் வீணாகிறது, படிப்பவருக்கும் எதுவும் புரிவதில்லை.

தலைப்பால் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்: எவ்வளவு வேலை பார்த்தீர்களோ அவ்வளவுக்கு மட்டும் உரிமை கோருவது. பணம் பற்றிய விவரத்துக்குச் சரியான இடம் பெரும்பாலும் தலைப்புக்கு அடுத்த வரி. எப்போது அது தலைப்புக்குள்ளேயே வரவேண்டும் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். உதாரணத்துக்கு 2 லிட்டர் டேபிள்டாப் வெட் கிரைண்டர் பற்றிய ஒரு கட்டுரையை முதல் படியிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொள்வோம்.

## 1. பொருளுக்கு ஒரு வரியாகப் பணக் கணக்கை எழுதுங்கள்

தலைப்பை யோசிப்பதற்கு முன்னால் ஒரு தாளிலோ ஷீட்டிலோ ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வரி போடுங்கள். மெஷின் எப்படிக் கைக்கு வந்தது, எந்தக் கடையின் லிங்க், கமிஷன் உண்டா, தயாரிப்பாளர் தனியாக ஏதாவது கொடுத்தாரா. இவ்வளவு போதும்.

நம் உதாரணத்தில் ஆறு மாடல்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அ', 'ஆ' இரண்டும் சொந்தக் காசில் வாங்கியவை. 'இ' அத்தை வீட்டிலிருந்து இரவல். 'ஈ' கம்பெனி இலவசமாக அனுப்பியது. 'உ', 'ஊ' இரண்டையும் கடைப் பக்கத்தில் பார்த்ததோடு சரி. ஆறுக்கும் கமிஷன் லிங்க் இருக்கிறது.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், கட்டுரை முடிந்தபிறகு எழுத உட்கார்ந்தால் 'ஈ' இலவசமாக வந்தது என்பது ஒரு சின்ன விஷயம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். அது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பு அந்தப் பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியது என்றால், படிப்பவர் அதை இயல்பாக எதிர்பார்க்க மாட்டார் என்றால், முழுமையாக வெளியிடவேண்டும் என்கின்றன. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இணையப் பிரபலங்களுக்காக வெளியிட்ட விளக்கக் குறிப்பு, பணத்தோடு இலவசப் பொருட்களையும் அந்தத் தொடர்பில் சேர்த்தே சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

## 2. செய்த சோதனையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

அடுத்தது வேலைக் கணக்கு. எத்தனை மாடலைப் பரிசீலித்தீர்கள், எத்தனையில் உண்மையாகவே மாவு அரைத்தீர்கள், எதை அளந்தீர்கள்.

கிரைண்டர் என்றால் இப்படி இருக்கலாம்: ஒரே கடையில் வாங்கிய உளுந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் 250 கிராம், ஒரே அளவு ஊறல். பந்து போல மாவு எழும்ப எத்தனை நிமிடம் ஆனது, கடைசியில் மாவு எவ்வளவு கண்டது, கையை வைத்தால் சூடு தெரிந்ததா, கல்லைத் தூக்கிக் கழுவ எவ்வளவு சிரமம். இதில் மாவின் சூடும் அளவும் முக்கியம். கிரைண்டர் வாங்கப் போகிறவர் மனதில் இருக்கிற கேள்வி 'மிக்ஸியில் அரைப்பதைவிட இட்லி மிருதுவாக வருமா' என்பதுதான். மோட்டார் எத்தனை வாட் என்பதைக் கடைப் பக்கமே சொல்லிவிடும்.

இவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்: '6 மாடல்களைப் பரிசீலித்து, 4-ல் இட்லி மாவு அரைத்து, 2-ஐத் தேர்ந்தெடுத்தோம்.' தலைப்புக்கான மூலப்பொருள் இதுதான். இந்த வாக்கியத்தில் இல்லாத எதுவும் தலைப்பில் வரக்கூடாது.

கூகுள் தன் ரிவ்யூ வழிகாட்டியில் கேட்பதும் இதையே. ஒரு பொருளை 'எல்லாவற்றிலும் சிறந்தது' என்றோ 'இன்ன தேவைக்குச் சிறந்தது' என்றோ சொன்னால், ஏன் என்பதை நேரடி அனுபவத்தின் ஆதாரத்தோடு எழுதச் சொல்கிறது. ஆகவே தலைப்பில் உள்ள 'சிறந்த' என்ற சொல்லுக்குக் கட்டுரைக்குள் ஒரு படமோ அளவோ பதிலாக நிற்கவேண்டும்.

எதையுமே அரைத்துப் பார்க்கவில்லை, விவரங்களை மட்டும்தான் ஒப்பிட்டீர்கள் என்றால்? அப்படியும் எழுதலாம், தலைப்பு மாறவேண்டும். '2 லிட்டர் வெட் கிரைண்டர்: 6 மாடல்களின் விலை, வாரண்டி, கல் அமைப்பு ஒப்பீடு.' இதற்குத் தேடல் குறைவாக இருக்கலாம். ஆனால் வாரண்டியைத் தேடி வருகிறவருக்கு அது கட்டாயம் உதவும்.

## 3. தேடல் சொல்லைப் பிடியுங்கள், ஒன்றை மட்டும்

நம் வாசகர்கள் தமிழில் படித்தாலும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்: `best wet grinder`, `best 2 litre wet grinder`. குரலில் தேடுபவர்கள் 'நல்ல கிரைண்டர் எது' என்று கேட்கிறார்கள். உங்கள் தளத்துக்கு எந்தத் தேடலில் ஆட்கள் வருகிறார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியின் தேடல் சொல் பட்டியலில் பாருங்கள். புதிய தளம் என்றால் தேடல் பெட்டியில் தட்டும்போது கீழே விரியும் பரிந்துரைகளைப் பார்த்தால் போதும்.

பிறகு அந்தச் சொல்லை மறைநிலை விண்டோவில் தேடி, முதல் பக்கத்தில் என்ன வகைப் பக்கங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பெரிய கடைகளின் பட்டியல் பக்கங்களே நிறைந்திருந்தால் உங்கள் கட்டுரை அங்கே நுழைவது கஷ்டம். அப்போது சொல்லைக் குறுக்கவேண்டும்: 2 லிட்டர், சாய்க்கக்கூடிய மாடல், நான்கு பேர் குடும்பம் என்று.

இந்தக் குறுக்கல் நேர்மைக்கும் உதவுகிறது. நான்கு மெஷினை அரைத்துப் பார்த்தவர் 'இந்தியாவின் சிறந்த கிரைண்டர்' என்று சொல்ல முடியாது. 'நான்கு பேர் வீட்டுக்கு ஏற்ற 2 லிட்டர் கிரைண்டர்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

'சிறந்த' என்று தேடுபவரும் 'டாப்' என்று தேடுபவரும் கொஞ்சம் வேறுபட்டவர்கள். முதலாமவருக்கு ஒரு பதில் வேண்டும், அது தன் வீட்டுக்குப் பொருந்துமா என்று தெரியவேண்டும். இரண்டாமவருக்குச் சின்னப் பட்டியல் வேண்டும், தேர்வு அவர் செய்துகொள்வார். இரண்டு சொல்லையும் ஒரே தலைப்பில் திணித்தால் தலைப்பு நீளுவதுதான் மிச்சம். நம் உதாரணத்தில் தேறியது இரண்டே மாடல் என்பதால் 'சிறந்த' போதும்.

ஆங்கில எழுத்துத் தேடலுக்காகத் தலைப்பைக் கெடுக்கவேண்டாம். பக்கத்தின் முகவரியை `best-2-litre-wet-grinder` என்று வைத்துவிடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

## 4. தலைப்பை மூன்று துண்டாகக் கட்டுங்கள்

வரிசை இது: தேடல் சொல், எல்லை, ஆதாரம்.

தேடல் சொல் முதலில் வருவதற்குக் காரணம், கூகுள் தலைப்புக்கு எழுத்து எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை, ஆனால் திரையின் அகலத்துக்குத் தக்கபடி வெட்டிவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் நம் தலைப்பு ஆங்கிலத் தலைப்பைவிடச் சீக்கிரமே வெட்டுப்படும். எனவே வெட்டுப்பட்ட தலைப்பும் உண்மையாக இருக்கவேண்டும். எல்லையைக் கடைசியில் போட்டால், அது மறைந்து வெறும் 'சிறந்த கிரைண்டர்' மட்டும் தெரியும்.

நம் கணக்கில் இருந்து வருவது:

'சிறந்த 2 லிட்டர் வெட் கிரைண்டர்: 4 மாடல்களில் மாவு அரைத்துத் தேர்ந்தெடுத்த 2'

'2 லிட்டர்' என்பது எல்லை. அது தேடல் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது, வெட்டுப்பட்டாலும் போகாது. '4 மாடல்களில் மாவு அரைத்து' என்பது ஆதாரம். '6' என்ற எண்ணை இங்கே போடவில்லை, இரண்டை அரைக்கவே இல்லையே. பரிசீலித்ததையும் சோதித்ததையும் ஒரே எண்ணாகக் கலப்பதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. எழுதுபவர் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. ஆனால் படிப்பவர் '6 மாடல்கள்' என்று பார்த்ததும் ஆறிலும் மாவு அரைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பட்டியல் வடிவம்தான் வேண்டும் என்றால்: 'டாப் 3 டேபிள்டாப் கிரைண்டர்கள்: நான்கு பேர் வீட்டுக்கு, மாவு அரைத்துப் பார்த்தது'. இதைப் போட மூன்று மாடலாவது உண்மையிலேயே பரிந்துரைக்கத் தகுதியானவையாக இருக்கவேண்டும். எண்ணை நிரப்ப 'உ'-வை உள்ளே இழுக்காதீர்கள்.

விலையைத் தலைப்பில் வைப்பவர்கள் கவனம். '5,000 ரூபாய்க்குள் சிறந்தது' என்ற தலைப்பு, பண்டிகைத் தள்ளுபடி முடிந்ததும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். அப்படி எழுதினால் மாதம் ஒருமுறை விலை பார்க்கும் வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

## 5. பணம் பற்றிய வரி எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்

முதல் படியில் போட்ட கணக்கை இப்போது எடுங்கள்.

வெறும் கமிஷன் லிங்க் மட்டும் என்றால், தலைப்புக்கு நேர் கீழே, முதல் லிங்க்குக்கு முன்னால் ஒரு வரி. பக்கத்தின் அடியிலோ 'எங்களைப் பற்றி' பக்கத்திலோ வைத்தால், வாங்குபவர் அதைப் பார்ப்பதற்குள் பொத்தானை அழுத்தியிருப்பார்.

வார்த்தையும் முக்கியம். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் விளக்கங்களில், 'அஃபிலியேட் லிங்க்' என்று மட்டும் போட்டால் எழுதுபவருக்குப் பணம் கிடைக்கிறது என்பது வாசகருக்குப் புரியாமல் போகலாம் என்று சொல்கிறது. ஆங்கில வாசகருக்கே அப்படி என்றால் நம்மவருக்குச் சொல்லவேண்டாம். இப்படி எழுதுங்கள்:

'இங்குள்ள லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். சோதித்த நான்கில் 'ஈ' மாடலைக் கம்பெனி இலவசமாக அனுப்பியது, இரண்டை நாங்கள் வாங்கினோம், ஒன்று இரவல்.'

இதற்கு அமேசான் லிங்க் வைத்திருந்தால் அவர்களின் ஒப்பந்தம் கேட்கும் வாசகம் தனி: `As an Amazon Associate I earn from qualifying purchases.` அதையும் தளத்தில் தெளிவாகப் போட்டுவிடுங்கள். ஆனால் தமிழ் வரிக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். அது ஒப்பந்தத்தின் நிபந்தனையை நிறைவேற்றும், உங்கள் வாசகருக்கு விளங்குவது தமிழ் வரிதான்.

இலவசமாக வந்த 'ஈ'-யே முதலிடம் பிடித்துவிட்டால் மேலே உள்ள வரி மட்டும் போதாது. 'ஈ' பற்றிய பகுதியில், லிங்க்குக்குப் பக்கத்திலேயே மறுபடி சொல்லவேண்டும். நிறையப் பேர் மேலே படிக்காமல் நேராக 'முதலிடம்' என்ற தலைப்புக்குத் தாவுவார்கள்.

இனி, கம்பெனி பணம் கொடுத்து எழுதச் சொன்ன கட்டுரை. இங்கேதான் தலைப்புக்குள் அடையாளம் வரவேண்டும், அதுவும் முதல் சொல்லாக: 'விளம்பரம்: 'ஈ' 2 லிட்டர் கிரைண்டரில் இட்லி மாவு'. தேடல் முடிவிலோ வாட்ஸ்அப்பிலோ பார்ப்பவருக்குக் கட்டுரையின் இரண்டாவது வரி தெரியாது, தலைப்பு மட்டும்தான் தெரியும். கமிஷன் கட்டுரையில் தீர்ப்பு உங்களுடையது, அதனால் உள்ளே வந்ததும் சொன்னால் போதும். இது ஒரு கம்பெனியின் விளம்பரம் என்பதோ கிளிக் செய்வதற்கு முன்பே தெரியவேண்டிய செய்தி. இப்படிப்பட்ட கட்டுரைக்கு 'சிறந்த' தேடலை நான் குறிவைக்கவே மாட்டேன். ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் 'சிறந்த' என்பதற்கு என்ன பொருள் இருக்கிறது?

## 6. நேர்மையைத் தலைப்பில் பறைசாற்றாதீர்கள்

'நடுநிலையான ரிவ்யூ', '100% நேர்மை', 'பணம் வாங்காத தீர்ப்பு'. கமிஷன் லிங்க் உள்ள கட்டுரையில் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம்.

2020-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன், கல்விக் கடன்களை ஒப்பிடும் லெண்ட்எடு என்ற தளத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. பக்கச்சார்பற்ற, துல்லியமான தரவரிசை என்று அந்தத் தளம் சொல்லிக்கொண்டது, ஆனால் கடன் நிறுவனங்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்து இடங்கள் அமைந்தன என்பது குற்றச்சாட்டு. 3,50,000 டாலர் கட்டி அந்த வழக்கு முடிந்தது.

இதில் கவனிக்கவேண்டியது, பணம் வாங்கித் தரவரிசை போட்டதோடு 'சார்பில்லை' என்ற வாக்குறுதியும் சேர்ந்துதான் குற்றச்சாட்டானது. அந்தச் சொல் இருக்கும் இடத்தில் ஆதாரத்தை வையுங்கள். 'நடுநிலையான' என்பதைவிட '4 மாடல்களில் மாவு அரைத்து' என்பதை வாசகர் அதிகம் நம்புவார், அதை அவர் சரிபார்க்கவும் முடியும். 'நம்பர் 1' என்பதையும் விடுங்கள். யார் எண்ணியது என்று கேட்டால் பதில் இருக்காது.

## 7. எல்லா இடத்திலும் ஒரே தலைப்பு

தலைப்பு ஒன்றுதான் என்று நினைப்போம். பக்கத்துக்குள் பார்த்தால் மூன்று இடத்தில் இருக்கும்: தேடலுக்கான தலைப்பு, பக்கத்தில் தெரியும் தலைப்பு, பகிரும்போது தெரியும் தலைப்பு. பக்கத்தைத் தேடலுக்கு ஏற்றபடி அமைக்க உதவும் எஸ்.இ.ஓ. பிளகின்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி தருவதால், ஒன்றில் நேர்மையாகவும் இன்னொன்றில் 'டாப் 10' என்றும் தெரியாமலேயே இருந்துவிடும். கூகுள் இந்த மூன்றில் எதிலிருந்தும் எடுத்துக் காட்டலாம், ஆகவே மூன்றும் ஒத்திருக்கவேண்டும்.

```html
<title>சிறந்த 2 லிட்டர் வெட் கிரைண்டர்: 4 மாடல்களில் மாவு அரைத்துத் தேர்ந்தெடுத்த 2</title>
<meta property="og:title" content="சிறந்த 2 லிட்டர் வெட் கிரைண்டர்: 4 மாடல்களில் மாவு அரைத்துத் தேர்ந்தெடுத்த 2">

<h1>சிறந்த 2 லிட்டர் வெட் கிரைண்டர்: 4 மாடல்களில் மாவு அரைத்துத் தேர்ந்தெடுத்த 2</h1>
<p>இங்குள்ள லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்.</p>

<a href="..." rel="sponsored">கடையில் விலை பார்க்க</a>
```

கடைசி வரியில் உள்ள `rel="sponsored"` கூகுளுக்கான அறிவிப்பு, 2019-லிருந்து இருக்கிறது. வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. அதைப் போட்டுவிட்டால் பணம் பற்றிய வரி தேவையில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ஆளுக்கு.

## 8. போனில் ஒருமுறை பாருங்கள்

வெளியிட்டதும் பக்கத்தை ஒரு சாதாரண போனில் திறங்கள். தலைப்புக்குப் பின் பெரிய படம் வந்து கமிஷன் வரியைக் கீழே தள்ளியிருக்கும், இது அடிக்கடி நடப்பது. வரியைப் படத்துக்கு மேலே ஏற்றுங்கள். வெளிர்சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இருந்தால் கட்டுரையின் எழுத்தளவுக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம் வீட்டில் யாரிடமாவது, இந்தத் தொழில் தெரியாதவரிடம், போனைக் கொடுங்கள். கொஞ்சம் படித்ததும் இரண்டு கேள்வி: 'இவங்க எத்தனை மெஷின்ல அரைச்சுப் பார்த்திருக்காங்க?', 'நீங்க வாங்கினா இவங்களுக்கு என்ன கிடைக்கும்?' முதலாவதற்கு 'ஆறு' என்று வந்தால் தலைப்பிலோ முதல் பத்தியிலோ கோளாறு. இரண்டாவதற்குத் தயங்கினால் வரியின் வார்த்தையை மாற்றவேண்டும்.

சில வாரம் கழித்துத் தேடல் முடிவில் உங்கள் தலைப்பு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கூகுள் அதை மாற்றி எழுதியிருந்தால், பெரும்பாலும் தலைப்பும் உள்ளடக்கமும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள். தேடல் முடிவில் நிறையப் பேர் கண்ணில் பட்டும் கிளிக் குறைவு என்று சர்ச் கன்சோல் காட்டினால், 'சிறந்த' என்பதை 'நம்பர் 1' ஆக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக எல்லையை மாற்றிப் பாருங்கள். '2 லிட்டர்' என்பதோடு 'நான்கு பேர் வீட்டுக்கு' என்று சேர்த்தால், வருபவர் தனக்கானது என்று புரிந்து வருவார்.

## 9. ஆண்டையும் எண்ணையும் எப்போது தொடலாம்

ஜனவரி வந்ததும் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றுவது பரவலான பழக்கம். மறுபடி அரைத்துப் பார்த்தால், அல்லது ஆறு மாடலும் இன்னும் விற்பனையில் உள்ளனவா, வாரண்டி மாறியதா என்று சரிபார்த்தால் மட்டும் மாற்றுங்கள். இரண்டாவதை மட்டும் செய்திருந்தால் கட்டுரைக்குள் அப்படியே சொல்லுங்கள்: 'விலையும் இருப்பும் இந்த மாதம் சரிபார்த்தவை. மாவு சோதனை சென்ற ஆண்டு செய்தது.'

தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்றின் உற்பத்தி நின்றுபோனால், தலைப்பில் உள்ள '2' அன்றே '1' ஆகவேண்டும். அந்த இடத்துக்கு அரைத்துப் பார்க்காத 'ஊ'-வைக் கொண்டுவந்து எண்ணைக் காப்பாற்றாதீர்கள். புதிய மெஷின் வாங்கி அதே 250 கிராம் உளுந்தை அரைத்து, அது தேறினால், அப்போது '4' என்பதை '5' ஆக்கி, '1'-ஐ மறுபடி '2' ஆக்கலாம். முதல் படியில் போட்ட பணக் கணக்கிலும் அந்தப் புதிய மெஷினுக்கு ஒரு வரி சேருங்கள்.